ஆலை விற்ற கணக்கு: கண்காணிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கண்காணிப்புக் குழுவில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

நம் ஊர் செம்பனை ஆலைக் கம்பெனியை மூடச் சொல்லி நீதிமன்றம் ஆணையிட்டு, சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடும் லிகுவிடேட்டர் தன்னுடைய ஆறு மாத வரவு செலவுக் கணக்கையும் அனுப்பிவிட்டார். வரும் கூட்டத்தில் அதை உங்கள் முன் வைத்து, கூடவே தன் கட்டணத்துக்கும் ஒப்புதல் கேட்பார். உங்களில் ஒருவர் லோரி முதலாளி, ஒருவர் மளிகைக்கடை நடத்துபவர், அக்கா ஆலைத் தொழிலாளர் சார்பில் வந்தவர். நான் பினாங்கில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவன். மூடப்படும் கம்பெனிகளின் கணக்கைத் துருவுவதுதான் அங்கே என் வேலை. இப்போது மகனின் டயர் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். அந்தக் கடைக்கும் கம்பெனியிடமிருந்து 4,300 வெள்ளி வர வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காப்பிக் கடையில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ஆலை அறுபத்திரண்டு லட்சம் வெள்ளிக்குப் போச்சாமே, அப்புறம் சம்பளம் கொடுக்க ஏன் பணமில்லை?" நியாயமான கேள்வி. ஆனால் வந்த பணமெல்லாம் ஒரே பையில் விழுவதில்லை. நிலமும் ஆலைக் கட்டடமும் வங்கியிடம் அடமானத்தில் இருந்தவை. அவை விற்ற பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும், அதில் தப்பில்லை. அடமானத்தில் இல்லாத பொருள்களை விற்ற பணம் வேறு பையில் சேர வேண்டும். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 527ஆம் பிரிவு அந்த இரண்டாவது பைக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் மூடும் செலவும் லிகுவிடேட்டர் கட்டணமும். அடுத்து தொழிலாளர் சம்பளம்: ஆணைக்கு முந்தைய நான்கு மாத வேலைக்கு, ஆளுக்கு 15,000 வெள்ளி வரை. விபத்து இழப்பீடும் விடுப்புப் பணமும் அதன் பின்னால் வரும், நம் கணக்கில் அவை இல்லை. பிறகு பன்னிரண்டு மாதத்துக்குள் அடங்கும், ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பின் பாக்கி, அதன்பின் வருமான வரி. இத்தனையும் போய் மிஞ்சினால்தான் நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு.

ஆகவே இந்தக் கணக்கில் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று முதலில் பார்க்காதீர்கள். எந்தப் பணத்தை எந்தப் பையில் போட்டார், எந்தச் செலவை எந்தப் பையிலிருந்து எடுத்தார் என்று பாருங்கள். கொடுத்த வரிசை சரியாகவே இருக்கும். அதில் தப்பு செய்ய யாரும் துணிவதில்லை. பை மாறுவதுதான் வழக்கம்.

லிகுவிடேட்டர் அனுப்பிய தாளில் இருப்பது இதுதான். ஆலை விற்ற 6,200,000 வெள்ளி முழுவதும் வங்கிக்கு. வாகனம், தொட்டியில் இருந்த எண்ணெய், பழைய இரும்பு, வசூலான பாக்கி எல்லாம் சேர்த்துப் பொதுப் பையில் 450,000. மூடும் செலவு மொத்தம் 250,000, அத்தனையும் பொதுப் பையிலிருந்து. மிச்சம் 200,000. சம்பள பாக்கியோ 228,000. தொழிலாளர்களுக்கு வெள்ளிக்கு 88 சென் கூட முழுதாக வரவில்லை, இபிஎஃப்புக்கு ஒன்றுமில்லை, கடைக்காரர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதில் இரண்டு இடத்தில் எனக்கு உறுத்துகிறது.

முதலாவது அந்த 6,200,000. டெண்டர் விளம்பரத்தில் "ஆலை, உள்ளிருக்கும் பொருள்களுடன்" என்றே போட்டிருந்தார்கள். உள்ளே என்னென்ன இருந்தது என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கொதிகலனும் அழுத்து இயந்திரமும் காங்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கியவை. அவை நிலத்தோடு சேர்ந்தவை, வங்கியின் அடமானத்துக்குள் வரும். ஆனால் சக்கரம் வைத்த லோடரும், ஸ்டோரில் பெட்டியோடு இருந்த பேரிங், மோட்டார், உதிரி பாகங்களும் கழற்றி எடுத்துப் போகக்கூடியவை. அவற்றின் மீது வங்கிக்குத் தனியாக அடமானம் பதிவாகியிருக்கிறதா என்பது நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் தேடினால் தெரியும். நான் பார்த்தேன்; நிலமும் கட்டடமும் மட்டுமே இருக்கின்றன. அப்படியானால் லோடரும் உதிரி பாகங்களும் போன விலை பொதுப் பைக்கு வர வேண்டியது. எவ்வளவு என்று ஊகிக்கத் தேவையில்லை. விற்பதற்கு முன் மதிப்பீட்டாளர் எழுதிய அறிக்கையில் நிலம், கட்டடம், நிலையான இயந்திரம், அசையும் பொருள் என்று தனித்தனியாக விலை போட்டிருப்பார்கள். அந்த விகிதத்தில் 6,200,000ஐப் பிரிக்க வேண்டும். அசையும் பொருளுக்கு 150,000 வரும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். அறிக்கை கையில் வந்ததும் சரியான எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். எடைமேடை நிலத்தோடு சேர்ந்ததா, கழற்றி எடுக்கக்கூடியதா என்பதுதான் சண்டைக்கு உரியது. அதை நான் வங்கிப் பக்கமே விட்டுவிட்டேன், வழக்காடும் செலவுக்குக் கட்டாது.

இரண்டாவது அந்த 250,000 செலவு. பட்டியலைப் பிரித்துப் படித்தால் அதில் ஆலைக் காவலுக்கு 66,000, தீக் காப்புறுதிக்கு 14,000, மதிப்பீட்டுக்கும் டெண்டர் விளம்பரத்துக்கும் 22,000, நிலவரி 8,000 இருக்கின்றன. மொத்தம் 110,000. இதெல்லாம் வங்கியின் அடமானச் சொத்தைப் பாதுகாத்து விற்கச் செய்த செலவு. அந்தச் சொத்தின் விலையிலிருந்து முதலில் இதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் வங்கிக்குக் கொடுத்திருக்க வேண்டும். காவலாளி வாகனங்களையும் பார்த்துக்கொண்டானே என்று பதில் வரலாம். வாகனங்களும் இரும்பும் முதல் இரண்டு மாதத்திலேயே போய்விட்டன என்று விற்பனைத் தேதிகள் சொல்கின்றன. அந்த இரண்டு மாதக் காவல் 66,000க்குள் இல்லை, பொதுச் செலவில் தனியாக நிற்கிறது. அதன் பிறகு வாயிலில் நின்றவன் வெறும் ஆலையைத்தான் காத்தான்.

இப்போது திருப்பி எழுதுவோம். பொதுப் பையில் 450,000உடன் 150,000 சேர்த்து 600,000. லிகுவிடேட்டர் கட்டணம், வழக்கறிஞர், சில்லறைச் செலவு என்று மிஞ்சும் 140,000ஐக் கழித்தால் 460,000. சம்பளம் 228,000 முழுதாகப் போகிறது. இபிஎஃப் பாக்கி 146,000 முழுதாகப் போகிறது. வரி 16,000. கையில் 70,000 நிற்கிறது. அடமானம் போக வங்கிக்கு இன்னும் 1,060,000 பாக்கி இருக்கும், அந்தத் தொகைக்கு வங்கியும் நம் வரிசையில்தான் நிற்க வேண்டும். கடைக்காரர்கள் பாக்கி 340,000. ஆக 1,400,000க்கு 70,000, வெள்ளிக்கு 5 சென். என் மகனுக்கு 215 வெள்ளி கிடைக்கும், ஒரு டயருக்குத் தேறும். ஆனால் அக்கா பிரதிநிதியாக இருக்கும் நாற்பது குடும்பங்களுக்கு, சம்பளத்தில் குறைந்த 28,000உம் இபிஎஃப்பில் 146,000உம் வந்து சேரும். சண்டை போட வேண்டியது அதற்குத்தான்.

பழைய இரும்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பணமாகக் கைமாறுவது அது ஒன்றுதான். ஒரு ரப்பர் ஆலைக் கணக்கைப் பார்த்தபோது வாயிற்காவல் புத்தகத்தில் இரும்பு ஏற்றி வெளியே போன லோரி பதினொன்று இருந்தது, வங்கிக் கணக்கில் எட்டு லோரிக்கான பணமே இருந்தது. மீதி மூன்றுக்கும் நாங்கள் கேட்ட பிறகுதான் பணம் வந்தது. இங்கேயும் காவல் புத்தகம் இருக்கும். அதில் லோரி எண்ணும் தேதியும் இருக்கும். நம் எடைமேடைச் சீட்டில் வெறும் லோரி எடை, பாரத்தோடு எடை இரண்டும் இருக்கும். டன் கணக்கை இரும்புக்காரர் பில்லோடு ஒப்பிட்டு, பில்லை லிகுவிடேட்டரின் வங்கிக் கணக்கில் பணம் விழுந்த தேதியோடு ஒப்பிடுங்கள். இதற்குக் கணக்காளர் வேண்டாம். லோரி அண்ணனுக்கு அந்த வண்டிகளின் எண்ணே தெரிந்திருக்கும்.

வாங்கியவர் யார் என்பதையும் எஸ்.எஸ்.எம்.மில் தேடிப் பாருங்கள். வாங்கிய கம்பெனியின் இயக்குநர் பெயரோ முகவரியோ பழைய இயக்குநர்களோடு ஒத்துப்போனால், டெண்டர் உறைகள் எத்தனை வந்தன, எப்போது திறந்தார்கள், யார் கையெழுத்திட்டார்கள் என்ற பதிவைக் கேட்க வேண்டும். மூடச் சொல்லி மனுப் போட்ட நாளுக்குப் பின், ஆணை வருவதற்கு முன் கம்பெனி எதையாவது விற்றிருந்தால் அது தனி விவகாரம். நீதிமன்றம் சரியென்று சொல்லாவிட்டால் அந்த விற்பனை செல்லாது.

இபிஎஃப்பில் இன்னொரு வழியும் உண்டு. சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட பணத்துக்கு இயக்குநர்கள் சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டும் என்று இபிஎஃப் சட்டம் சொல்கிறது. அக்கா, இதை லிகுவிடேட்டரிடம் விட்டுவிடாமல் இபிஎஃப் அலுவலகத்தில் நேரே எழுதிக் கொடுங்கள்.

முழுத் தணிக்கை கேட்போம் என்று சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். லிகுவிடேட்டர் கணக்கை அங்கீகரிக்கப்பட்ட தணிக்கையாளரைக் கொண்டு பார்க்கச் சொல்லும் அதிகாரம் இன்சால்வென்சி இலாகாவுக்கு உண்டு, அது உண்மை. ஆனால் அந்தத் தணிக்கைச் செலவும் மூடும் செலவில்தான் சேரும், வரிசையில் சம்பளத்துக்கும் முன்னால். தாள் பார்த்தே தீர்க்கக்கூடியதற்குத் தொழிலாளர் பணத்தை எடுத்துத் தணிக்கையாளருக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கணக்கைப் பார்வையிட நமக்கு உரிமை இருக்கிறது. மதிப்பீட்டு அறிக்கை, விற்பனை ஒப்பந்தம், காவல் பில்கள், லிகுவிடேட்டரின் வங்கிக் கணக்குத் தாள், இந்த நான்கையும் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மறுத்தாலோ எண்கள் ஒத்துவராவிட்டாலோ அப்போது இலாகாவுக்கு எழுதலாம்.

லிகுவிடேட்டர் வேண்டுமென்று செய்தார் என்று நான் எழுதவில்லை. ஒரே விலைக்கு விற்ற பணத்தை ஒரே வரியில் எழுதுவது அலுவலகத்தில் சுலபமான வேலை. யாரும் கேட்காவிட்டால் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் கட்டணத் தீர்மானத்தைப் பற்றியும் கேட்டுக்கொள்கிறேன். அவர் கட்டணம் உங்கள் ஒப்புதலில் நிற்கிறது. இரண்டு பையையும் தனித்தனிப் பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு செலவுக்கும் எந்தச் சொத்துக்கு என்று எழுதிய திருத்திய கணக்கு கைக்கு வரும்வரை அந்தத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வையுங்கள். கூட்டத்துக்கு முன் தாள்கள் வந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள், மாலையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
டயர் கடைக் கணக்கர்