கேமராவும் மைக்கும் தடுக்கப்பட்டுள்ளன என்று வந்தால்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

போன சனிக்கிழமை இரவு நடந்த ஆன்லைன் பெற்றோர் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்பிலிருந்து பதினேழு பேர் சேர்ந்தீர்கள். அதில் ஏழு பேருடைய முகமும் வரவில்லை, குரலும் வரவில்லை. நான் இந்தப் பக்கம் இருந்து "மைக்கைப் போடுங்க, மைக்கைப் போடுங்க" என்று தொண்டை கட்டக் கத்தியதுதான் மிச்சம். உங்கள் திரையிலோ கேமராவும் மைக்கும் தடுக்கப்பட்டுள்ளன என்று ஒரே ஒரு வரி. அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்களுக்கு நான் என்ன செய்தேன் என்றால், புதிதாக ஒரு இணைப்பை உண்டாக்கி அனுப்பினேன், அதுவும் ஆகவில்லை என்றதும் இன்னொன்று, அப்புறம் மூன்றாவதும் ஒன்று. மூன்றும் வீண். அது என் தப்புதான், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பீடிக் கட்டைக் கடையில் கொடுத்துவிட்டு அவசர அவசரமாக வந்து உட்காரும் அம்மாக்களும், சென்னையிலும் மும்பையிலும் கடையில் நின்றுகொண்டே சேரும் அப்பாக்களும் ஒரே நேரத்தில் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதில் பாதி இதிலேயே போய்விட்டது. அதனால் அடுத்த கூட்டத்துக்கு முன்னால் இதைச் சரிசெய்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு பிள்ளையின் அம்மா போனையே எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார்கள். "டீச்சர், வாட்ஸ்அப்ல அவங்க அப்பாகிட்ட வீடியோ கால் பேசுனா மூஞ்சி பளிச்சுன்னு தெரியுது, இதுல மட்டும் தெரியமாட்டேங்கு, போன் கெட்டுப்போச்சோ?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. போன் கெடவில்லை. ஆண்ட்ராய்டு போனில் கேமராவை எந்த ஆப் தொடலாம் என்பதற்கு ஆப்புக்கு ஆப் தனித்தனி அனுமதி இருக்கிறது. வாட்ஸ்அப்புக்குக் கொடுத்தது வாட்ஸ்அப்புக்கு மட்டும்தான். நம் கூட்டம் தனி ஆப் இல்லாமல் குரோம் வழியாகத் திறக்கிறது (ஆப் வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன், பாதிப் பேர் போனில் இடமே இல்லை), அதனால் குரோமுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதோடு முடியவில்லை. குரோமுக்குள்ளே போனால் அது ஒவ்வொரு இணையதளத்துக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கிறது. ஆக இரண்டு பூட்டு. வாசல் கதவு போனுடையது, உள்ளறைக் கதவு குரோமுடையது. ஒன்றைத் திறந்து இன்னொன்றை விட்டால் உள்ளே போக முடியாது.

அந்த அம்மாவின் போனில் இரண்டுமே பூட்டியிருந்தன. முதல் தடவை கூட்டத்தைத் திறந்தபோது "இந்தத் தளம் உங்கள் கேமராவைப் பயன்படுத்தலாமா" என்கிற மாதிரி ஒரு பெட்டி வந்திருக்கிறது, ஏதோ ஏமாற்று வேலையோ என்று பயந்து Block என்பதைத் தொட்டிருக்கிறார்கள். பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் ஒரு தடவை Block கொடுத்துவிட்டால் குரோம் அதை மறக்காது, திரும்பக் கேட்கவும் கேட்காது. பக்கத்தை எத்தனை தடவை புதுப்பித்தாலும், போனை அணைத்துப் போட்டாலும் அப்படியேதான் நிற்கும். அது நினைவில் வைத்திருப்பது நான் அனுப்பும் முழு இணைப்பை இல்லை, அந்தத் தளத்தின் பெயரை. நான் அனுப்பிய மூன்று இணைப்பும் அதே தளத்தில் வேறு வேறு அறைகள், அவ்வளவுதான். பெயரைப் பார்த்ததும் குரோம் மூன்றையும் தடுத்துவிட்டது. என் மூன்று இணைப்பும் வீணான கதை இதுதான்.

இன்னொன்றும் உண்டு. சிலர் "நான் Block எதையும் தொடவே இல்லையே டீச்சர்" என்கிறீர்கள். நம்புகிறேன். அந்தப் பெட்டிக்குப் பதிலே சொல்லாமல் பேக் பட்டனை அமுக்கியோ வெளியே தொட்டோ மூன்று தடவை மூடினால், இவர்களுக்கு விருப்பமில்லை போல என்று குரோம் தானாகவே ஒரு வாரத்துக்குக் கேட்பதை நிறுத்திவிடும். அவசரத்தில் நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான்.

சரி, திறக்கிற வழி. முதலில் உள்ளறைக் கதவு. கூட்ட இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலே முகவரி தெரிகிற பட்டையில் முகவரிக்கு இடது பக்கம் ஒரு சின்னப் படம் இருக்கும் பாருங்கள், சில போனில் பூட்டு மாதிரி, சில போனில் இரண்டு கோடும் இரண்டு புள்ளியுமாக. அதைத் தொட்டால் Permissions என்று ஒரு வரி வரும், அதைத் தொட்டால் Camera, Microphone இரண்டும் தெரியும். அணைந்திருந்தால் இரண்டையும் போடுங்கள். அந்த அம்மாவின் போனில் இதைச் செய்தபோது கேமராவுக்குக் கீழே, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸிலும் போய்த் திறக்கச் சொல்லி இன்னொரு வரி வந்தது. அந்த வரி வந்தால் வாசல் கதவும் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது, கூட்டப் பக்கத்தை ஒரு தடவை புதுப்பித்துவிட்டு அடுத்த பத்தியை விட்டுவிடலாம்.

வாசல் கதவைத் திறக்க செட்டிங்ஸுக்குள் போய் அலைய வேண்டாம், போனுக்குப் போன் அது வேறு வேறு இடத்தில் இருக்கிறது. முகப்பில் குரோம் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் App info என்றோ வட்டத்துக்குள் i என்றோ வரும். அதற்குள் Permissions, அதற்குள் Camera. அங்கே ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும் அனுமதி என்கிற பொருளில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். திரும்பி வந்து Microphone-க்கும் அதையே செய்யுங்கள். கேமராவை மட்டும் திறந்துவிட்டு மைக்கை மறப்பது வழக்கமாக நடப்பது, முகம் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். இது முடிந்ததும் கூட்டப் பக்கத்துக்கு வந்து கட்டாயம் ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். பழைய பக்கம் அதுவரை பழைய பதிலையே வைத்துக்கொண்டு நிற்கும். அந்த அம்மா புதுப்பித்ததும் திரையில் அவர்கள் முகம் வந்தது, பின்னால் நம் வேப்பமரமும் வந்தது, "எம்மா, பேசுங்க" என்றேன், என் போனில் குரலும் கேட்டது. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எல்லாருக்கும் இத்தோடு முடியாது. மறுநாள் நாலாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாத்தா வந்தார். அவர் போனில் பெட்டி வருகிறது, Allow என்று தெரிகிறது, தொட்டால் போகமாட்டேன் என்கிறது. "இந்தத் தளம் உங்களிடம் அனுமதி கேட்க முடியவில்லை, மற்ற ஆப்களின் மிதக்கும் பெட்டிகளை மூடுங்கள்" என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு. "இதுல என்ன மிதக்கு டீச்சரம்மா?" என்றார். திரையைப் பார்த்தேன், லேசாக மஞ்சள் பூத்திருந்தது. கண்ணுக்கு நல்லது என்று பேரன் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறான், அது திரை முழுவதும் ஒரு மஞ்சள் தாளை விரித்து வைத்திருக்கிறது. வேறொரு ஆப் மேலே படர்ந்திருந்தால் அனுமதிப் பெட்டியைத் தொட குரோம் விடாது, பொய்யான பெட்டியை மேலே ஒட்டி நம்மை ஏமாற்றி Allow வாங்கிவிடக் கூடாதே என்கிற பாதுகாப்பு அது. அந்த ஆப்பை நிறுத்தியதும் தொட முடிந்தது. ஓரத்தில் மிதக்கும் அரட்டை வட்டமும் இதே தொல்லையைக் கொடுக்கும், அதைக் கீழே இழுத்து விட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று, இது கொஞ்சம் திருட்டுத்தனமானது. எல்லா அனுமதியும் கொடுத்தாயிற்று, தடுக்கப்பட்டது என்ற வரியும் இல்லை, ஆனாலும் படம் கறுப்பாகவே இருக்கிறது, குரலும் போகவில்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் வந்த போன்களில் மேலிருந்து திரையைக் கீழே இழுத்தால் வரும் பட்டன்களில் Camera access, Mic access என்று இரண்டு இருக்கலாம். பிள்ளைகள் கை பட்டு அணைந்திருந்தால் எந்த ஆப்புக்கும் கேமராவும் மைக்கும் கிடைக்காது. கண்டுபிடிப்பது சுலபம், வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். அதிலும் குரல் இல்லை என்றால் முதலில் இந்தப் பட்டனைப் பாருங்கள். அது நன்றாகப் பதிவானால் மைக்கில் குறையில்லை, மேலே சொன்ன இரண்டு கதவுகளில்தான் ஏதோ ஒன்று பூட்டியிருக்கிறது.

மடிக்கணினியில் சேரும் அப்பாக்களுக்கு: முகவரிக்கு இடது பக்கப் படம் அங்கேயும் இருக்கிறது, வேலை அதேதான். விண்டோஸில் வாசல் கதவு Settings-க்குள் Privacy பகுதியில் Camera என்ற இடத்தில் இருக்கிறது, அங்கே டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், மைக்குக்கும் அப்படியே. அலுவலகம் கொடுத்த கணினி என்றால் அங்கேயே பூட்டி வைத்திருக்கலாம், அதை நீங்கள் திறக்க முடியாது, போனில் வந்துவிடுங்கள். கேமரா மேல் சின்ன மூடி இருந்தால் அதையும் தள்ளிப் பாருங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் மூன்று பேர்தான், உங்களோடு தனியாகப் பேசுகிறேன்.

இதைப் படித்துவிட்டு எல்லாத் தளத்துக்கும் Allow கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். முகவரியில் நம் கூட்டத் தளத்தின் பெயர் இருந்தால் மட்டும் கொடுங்கள். பரிசு விழுந்திருக்கிறது, கடன் தருகிறோம் என்று வரும் எந்தப் பக்கத்துக்கும் உங்கள் கேமரா தேவையில்லை, அங்கே Block கொடுப்பதுதான் சரி. கூட்டம் முடிந்தபின் நம் தளத்தையும் திரும்ப அணைத்து வைக்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக அணையுங்கள், ஆனால் அடுத்த தடவை வரும்போது நீங்களேதான் போட வேண்டும், அது கேட்காது.

வருகிற சனிக்கிழமை கூட்டம் இரவு ஏழரைக்கு. நான் ஏழு மணிக்கே அறையைத் திறந்து வைத்திருப்பேன், சேர்ந்து ஒரு வார்த்தை பேசிச் சரிபார்த்துவிட்டு வெளியே போய்ச் சோறு வடித்துவிட்டுத் திரும்பி வரலாம். அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் பள்ளி வராந்தாவில் இருப்பேன், சரியாகாதவர்கள் போனைக் கொண்டுவாருங்கள். சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள், போன தடவை இரண்டு பேர் போன் பாதியில் அணைந்துவிட்டது, வராந்தாவில் இருப்பது ஒரே ஒரு பிளக்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை