வட்டாவின் அடிப்பக்கம்

ஆரையம்பதி

அன்பு மகளுக்கு,

வெற்றிலை வைக்கும் நம் பித்தளைக் கால்வட்டாவை நீ இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருப்பதை அடுத்த வீட்டுத் தம்பி தன் தொலைபேசியில் காட்டினான். அம்மம்மா உன் அம்மாவுக்குச் சீதனத்தோடு கொடுத்தது. அம்மாவுக்குப் பிறகு உன்னுடையது. விற்க உனக்கு உரிமை உண்டு. ஏன் விற்கிறாய் என்று நான் கேட்கவில்லை. மருமகன் வழக்கம்போல வேலைக்குப் போய்வருகிறார்தானே?

ஆனால் அதில் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு மனம் ஆறவில்லை. 'ஒல்லாந்தர் காலத்து அபூர்வ வட்டா, எந்தப் பழுதும் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். ஒல்லாந்தர் காலம் என்று உனக்கு யார் சொன்னது? நமக்குத் தெரிந்ததெல்லாம் அது அம்மம்மாவின் கலியாணத்துக்கு, 1938இல், வீட்டுக்கு வந்தது என்பதுதான். அதற்கு முன் யாரிடம் இருந்தது, எங்கே வார்த்தது என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே '1938 முதல் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது' என்று மட்டும் எழுது. பழம்பொருள் வாங்குபவனுக்கு அந்த ஒரு வரி போதும். இன்னொன்றும் இருக்கிறது. அவ்வளவு பழைய பொருள்களுக்குத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. ஒல்லாந்தர் காலம் என்று நீயே எழுதிவிட்டு, வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வாய்?

பழுது இல்லை என்பதும் சரியில்லை. 1978 சூறாவளியில் ஓட்டுக்கூரை விழுந்து கால் கழன்றுபோனதும், கன்னார் ஒருவர் பற்றாசு வைத்து ஒட்டித் தந்ததும் உனக்குத் தெரியும். தலைகீழாகப் பிடித்தால் காலும் தட்டும் சேருமிடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடும். அதைத்தான் முதலில் படம் எடுக்க வேண்டும். நீ போட்ட நாலு படமும் மேலிருந்து எடுத்தவை. வெளிச்சம் பட்டுத் தட்டின் நடுவே வெள்ளையாகத் தெரிகிறது. பித்தளைக்குப் பளிச்சென்று அடிக்கும் விளக்கு ஆகாது. காலையில் சன்னலோரம், நேர்வெயில் படாத இடத்தில், மங்கலான ஒற்றை நிறத் துணியில் வைத்து எடு. பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வை, அளவு தெரியட்டும். அம்மம்மாவின் பெயரெழுத்து வெட்டியிருக்கும் இடத்தை அருகில் எடு. அடிப்பக்கத்தைக் கட்டாயம் எடு.

எடுப்பதற்கு முன் புளி போட்டுத் தேய்த்துவிடாதே, மகள். உன் அம்மா வருடா வருடம் பொங்கலுக்குத் தேய்த்ததில் பெயரெழுத்தே பாதி மழுங்கிவிட்டது. புளியின் அமிலம் அளவு மீறினால் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிடும். மேலே செம்பு நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். விளிம்பில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அதையும் எழுது. கறுப்பேறிய பழைய நிறம் அழுக்கு இல்லை, அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

ஆரம்ப விலை 85,000 ரூபாய் என்று போட்டிருக்கிறாய். மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்துப் போட்டிருப்பாய். கேட்கும் விலை விலை ஆகாது. விற்றுப்போனவை என்ன விலைக்குப் போயின என்று பார். தம்பியைக் கொண்டு தேடியபோது, விற்று முடிந்ததாகக் காட்டிய மூன்று வட்டாக்களும் 18,000க்கும் 25,000க்கும் இடையில்தான் போயிருந்தன. அவை ஒட்டில்லாதவை. நம்முடையது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வெறும் உலோகமாக எடை போட்டால் வருவது மூவாயிரத்தை ஒட்டித்தான். நீ எதற்குக் கீழே கொடுக்க மாட்டாயோ அதையே ஆரம்ப விலையாகப் போடு. 12,000 என்று வைத்தால் இரண்டு பேராவது கேட்பார்கள்; இரண்டு பேர் கேட்டால்தான் விலை ஏறும். 85,000இல் யாரும் முதல் விலை சொல்ல மாட்டார்கள்.

அடிப்பக்கப் படத்தை மறந்துவிடாதே.

கடைசி வரியில், 'ஜோடியில் மற்றது 1990 இடம்பெயர்வில் தொலைந்தது' என்று எழுதியிருக்கிறாய். நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாய். அது தொலையவில்லை. திரும்பி வந்தபோது இரண்டும் கிணற்றடியில் புதைத்தபடியே இருந்தன. எனக்குக் கடன் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டுபோய்ப் பழைய பித்தளை வாங்குபவரிடம் எடைக்குக் கொடுத்தேன். தராசில் வைக்க முன்பே அவர் காலைத் தனியாக உடைத்தார். வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் ஒன்றுதான் கிடைத்தது என்றேன். உன் அம்மா இரண்டு நாள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் சாகும்வரை சொல்லவில்லை.

அந்த வரியை எடுத்துவிடு. 'ஒன்று மட்டும்' என்று போடு.

கடன் என்றால் எனக்குச் சொல், மகள். சேமிப்புப் புத்தகத்தில் கொஞ்சம் இருக்கிறது. சொல்ல விருப்பமில்லை என்றால் விலையைப் பற்றிப் பேசவாவது ஒரு முறை எடுத்துப் பேசு. இரவு ஒன்பது மணிவரை விழித்திருப்பேன்.

உன் அப்பா