தலைப்பில் காலம் எங்கே? கோலாலம்பூர்த் தமிழ் நாளிதழ்களின் துணையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணையாசிரியர்களுக்கு வணக்கம்.

தலைப்பை வினைமுற்றால் முடிக்காமல் ‘கைது’, ‘பலி’, ‘கோரிக்கை’ என்று பெயர்ச்சொல்லால் முடிப்பது நம் நெடுநாள் வழக்கம். ஆங்கில நாளிதழ்கள் நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுதுகின்றன. நாம் காலத்தையே எடுத்துவிடுகிறோம். ‘இருவர் கைது’ என்பதில் ஐயம் எழாது, கைதான பிறகுதான் அது செய்தியாகிறது. ஆனால் இடமாற்றம், மூடல், ரத்து போன்றவை முடிவெடுத்த அன்றும் செய்தி, நடந்தேறிய அன்றும் செய்தி.

நான் முன்பு பணியாற்றிய ஒரு நாளிதழில் ‘தமிழ்ப்பள்ளி இடமாற்றம்’ என்று தலைப்பு வந்தது. மறு ஆண்டு நடக்கவிருந்ததை நடந்துவிட்டதாக எண்ணிய பெற்றோர் அன்று முழுவதும் தொலைபேசியில் அழைத்தபடி இருந்தார்கள். ‘அடுத்த ஆண்டு’ என்னும் இரண்டு சொற்களைச் சேர்த்திருந்தால் அந்தக் கலக்கமே வந்திராது.

நீளமான தலைப்புக்கும் ஓர் எடுத்துக்காட்டு அமைத்துக் காட்டுகிறேன்: ‘கிள்ளானில் பெய்த கனமழையைத் தொடர்ந்து ஏற்பட்ட வெள்ளப்பெருக்கினால் பாதிக்கப்பட்ட 120 குடும்பங்கள் நிவாரண மையங்களுக்கு இடமாற்றம் செய்யப்பட்டுள்ளன.’ பெய்த, ஏற்பட்ட, பாதிக்கப்பட்ட என மூன்று பெயரெச்சங்களைக் கடந்த பிறகே வாசகர் குடும்பங்களை வந்தடைகிறார். வெள்ளம் என்றாலே மழையும் பாதிப்பும் அதில் அடங்கிவிடுவதால் அந்த மூன்றையும் நீக்கலாம். ‘செய்யப்பட்டுள்ளன’ என்பதும் வேண்டாம். ஆனால் அதை மட்டும் வெட்டி ‘மையங்களுக்கு இடமாற்றம்’ என்று நிறுத்தினால், போய்ச் சேர்ந்தார்களா, இனிமேல்தான் போகிறார்களா என்பது தெரியாது. ‘கிள்ளானில் வெள்ளம்: 120 குடும்பங்கள் நிவாரண மையங்களில் தஞ்சம்’ என்று எழுதிப் பாருங்கள். ஏழே சொற்கள், அவர்கள் அங்கே சேர்ந்துவிட்டதை ‘இல்’ உருபு சொல்லிவிடுகிறது. வினைமுற்று இல்லாத தலைப்பில் காலத்தைத் தாங்குபவை வேற்றுமை உருபும் ‘நாளை’, ‘இன்று முதல்’ போன்ற நாட்சொற்களும்தாம் என்பதால், இடம் போதாதபோது அவற்றில் கைவைக்காதீர்கள்.

யார், யாரை என்பதையும் உருபுதான் காக்கிறது. ‘அமைச்சர் கண்டனம்’ என்றால் கண்டித்தவர் அமைச்சர். ‘அமைச்சருக்குக் கண்டனம்’ என்றால் கண்டிக்கப்பட்டவர் அவர். பத்தி அகலத்திற்காக ‘உக்கு’ போய்விட்டால் செய்தியே தலைகீழாகிவிடும்.

வினைமுற்றையும் அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. ‘பாலம் சரிந்தது’ என்பது ‘பாலம் சரிவு’ என்பதைவிடத் தெளிவாகவும் இயல்பாகவும் இருக்கிறது, எழுத்தும் பெரிதாகக் கூடுவதில்லை. ‘சரிந்துள்ளது’ என்று நீட்டுவதுதான் தேவையற்றது.

பக்கத்தை அச்சுக்கு அனுப்புமுன், செய்தியைப் படித்திராத சக ஊழியர் ஒருவரிடம் தலைப்பை மட்டும் வாசித்துக் காட்டி, இது நடந்ததா, நடக்கப்போகிறதா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அந்தத் தலைப்பை மாற்றி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
முன்னாள் துணையாசிரியர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்