நான்கு கால் கறுப்பு ஐசி குறித்து நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம்முடைய எட்டு இன்புட் போர்டு "காலையில் வேலை செய்கிறது, மதியம் சென்சாரைப் பார்க்க மறுக்கிறது" என்ற புகார் சில வாரங்களாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. புகார் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் கூடவே "போலி ஆப்டோகப்ளர் போட்டு விற்கிறார்கள்" என்றொரு வால் ஒட்டிக்கொண்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நான்கு கால் கறுப்பு ஐசிதான் பிசி817 என்ற அந்த ஆப்டோகப்ளர். உள்ளே ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி தரும் எல்இடி, எதிர்ப்பக்கம் அந்த ஒளி பட்டால் திறக்கும் போட்டோ டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் நடுவில் ஒளி போகும், மின்சாரம் போகாது. 24 வோல்ட் சென்சார் பக்கத்தில் மோட்டார் எவ்வளவு ஆட்டம் போட்டாலும் 5 வோல்ட் கன்ட்ரோலர் பக்கத்துக்கு அது ஒயர் வழியாக வர முடியாது. இந்த இடைவெளி 5000 வோல்ட் சோதனை அழுத்தத்தைத் தாங்கும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. அதனால்தான் இரண்டு பக்க கிரவுண்டையும் போர்டில் தனித்தனியாக விட்டிருக்கிறோம்.

இந்தப் பிரிவுக்கு ஒரு விலை உண்டு. டிரான்சிஸ்டருக்குக் கிடைப்பது எல்இடி அனுப்பும் வெளிச்சம் மட்டும்தான். அந்த வெளிச்சத்தை வைத்து அது எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்க முடியும் என்பதைச் சொல்லும் எண்தான் சிடிஆர், அதாவது மின்னோட்ட மாற்று விகிதம். எல்இடியில் 5 மில்லிஆம்பியர் விட்டு, டிரான்சிஸ்டர் 10 மில்லிஆம்பியர் இழுத்தால் சிடிஆர் 200 சதவீதம். 4 இழுத்தால் 80 சதவீதம்.

எல்இடியின் வெளிச்சமும் டிரான்சிஸ்டரின் பெருக்கமும் ஒவ்வொரு துண்டுக்கும் மாறும். ஆகவே தயாரித்த பின் அளந்து, ரகம் பிரித்து, பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தைப் போடுகிறார்கள். பிசி817-இல் ஏ ரகம் 80 முதல் 160 சதவீதம், சி ரகம் 200 முதல் 400. இரண்டும் ஒரே தொழிற்சாலைச் சரக்கு, இரண்டும் அசல். முதல் எழுத்துகளும் எண்ணும் ஒன்றாக இருந்து கடைசி எழுத்து மட்டும் வேறாக இருப்பதைப் பார்த்துப் "போலி" என்று முடிவுகட்டியவர்களுக்கு இதைச் சொல்லத்தான் இத்தனை வரிகள். சி ரகம் கிடைக்காமல் விலையும் ஏறியபோது, சமீபத்திய ஒரு தொகுப்பில் ஏ ரகம் ஏற்றினோம்.

தவறு எங்கே என்றால், போர்டின் கணக்கு சி ரகத்துக்குப் போட்டது. சென்சார் பக்கத்தில் 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. 24 வோல்ட்டில் எல்இடி சுமார் 1.2 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 22.8 வோல்ட் ரெசிஸ்டரில் விழும், கிட்டத்தட்ட 4.9 மில்லிஆம்பியர் ஓடும். எதிர்ப்பக்கம் வெளியீட்டை 5 வோல்ட்டுக்கு மேலே இழுத்துப் பிடிக்கும் 1 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர். வெளியீட்டை முழுசாகக் கீழே இழுக்க டிரான்சிஸ்டர் 4.8 மில்லிஆம்பியர் இழுத்தாக வேண்டும். சி ரகத்தில் அடிமட்டத் துண்டுக்கே 9.7 வரை திராணி உண்டு, பிரச்சினையே இல்லை. ஏ ரகத்தில் அடிமட்டத் துண்டுக்கு 3.9 மட்டும். வெளியீடு 1.1 வோல்ட்டில் நின்றுவிடும். கன்ட்ரோலர் 1.5 வோல்ட் வரை "கீழே" என்று எடுத்துக்கொள்வதால் எங்கள் மேசையில் எல்லாம் தேறியது.

உங்கள் இடத்தில் நிலைமை வேறு. இரண்டு ஒயர் சென்சார் தன் பங்குக்குச் சில வோல்ட்டை விழுங்கும், நீளமான கேபிளும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். போர்டுக்கு 18 வோல்ட் வந்து சேர்ந்தால் எல்இடியில் 3.6 மில்லிஆம்பியர்தான். அதில் 80 சதவீதம் 2.9, வெளியீடு 2.1 வோல்ட். அது கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை, கன்ட்ரோலர் எப்படி வேண்டுமானாலும் படிக்கும். மூடிய பெட்டி மதியம் சூடேறும்போது சிடிஆர் இன்னும் இறங்கும். போதாததற்கு எல்இடி மாதக்கணக்கில் எரிய எரிய மெல்ல மங்கும். காலையில் சரி, மதியம் தகராறு என்ற புகாரின் கதை இதுதான்.

உங்கள் போர்டில் இதுதானா என்று பார்ப்பது சுலபம். சென்சாரை ஆன் செய்துவிட்டு, கன்ட்ரோலர் பக்கத்தில் ஆப்டோகப்ளரின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மீட்டரை வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் டிரான்சிஸ்டர் முழுசாகத் திறந்திருக்கிறது, அந்த இன்புட்டைத் தொட வேண்டாம். 1 வோல்ட்டைத் தாண்டினால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். பெட்டி சூடாக இருக்கும்போது அளப்பது நல்லது.

தீர்வு, புல்-அப்பை 1 கிலோஓமிலிருந்து 4.7 கிலோஓமாக மாற்றுவது. அப்போது டிரான்சிஸ்டர் 1 மில்லிஆம்பியர் இழுத்தாலே போதும். அடிமட்டத் துண்டு, 18 வோல்ட், அதற்கு மேல் சிடிஆர் பாதியாகக் குறைந்தாலும் 1.4 வரை கையில் இருக்கும். புல்-அப் பெரிதானால் டிரான்சிஸ்டர் மூடுவதற்கு நேரம் பிடிக்கும். லிமிட் சுவிட்சுக்கும் பிராக்ஸிமிட்டி சென்சாருக்கும் அது தெரியவே தெரியாது. என்கோடர் பல்ஸ் எண்ணுகிறவர்கள் மட்டும் மாற்றும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்களுக்கு சி ரகமே ஏற்றித் தருகிறோம்.

நடுவில் இரண்டு வைத்தியங்கள் பரவுகின்றன, தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். ஒன்று, சென்சார் பக்க ரெசிஸ்டரை 1 கிலோஓம் ஆக்குவது. வெளிச்சம் கூடும், சரிதான். ஆனால் அந்தக் கால் வாட் ரெசிஸ்டரில் அரை வாட்டுக்கு மேல் விழும். கருகிப்போய் எங்களிடமே நான்கு வந்தன. எல்இடியும் சீக்கிரம் மங்கும். மற்றது, இரண்டு கிரவுண்டையும் ஒரு ஒயரால் இணைப்பது. சிடிஆர் அதனால் ஒரு சதவீதம்கூட ஏறாது. போர்டை எதற்காக வாங்கினீர்களோ அந்தத் தடுப்பு மட்டும் போய்விடும். மோட்டார் இரைச்சல் நேராகக் கன்ட்ரோலருக்குள் வரும்.

பழுதை முதலில் சொன்னவர், வெறுமனே திட்டாமல் ஒவ்வொரு இன்புட்டிலும் அளந்த வோல்ட்டை எழுதி அனுப்பினார். 2.1 என்ற அந்த எண்ணைப் பார்த்துத்தான் எங்களுக்கே உறைத்தது. அவருக்கும், புகார் காதில் விழுந்த பிறகும் மறுபடி ஆர்டர் போட்ட பழைய வாடிக்கையாளர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

சால்டர் செய்யத் தெரிந்தவர்களுக்கு ரெசிஸ்டர்களை இலவசமாக அனுப்பிவைக்கிறோம். மற்றவர்கள் போர்டை அனுப்பினால் மாற்றித் தருகிறோம். அனுப்பும் செலவு உங்களுடையது, திரும்பி வர இரண்டு வாரம் ஆகலாம். இனி வரும் போர்டுகளில் 4.7 கிலோஓம்தான் இருக்கும், ஆப்டோகப்ளரின் ரக எழுத்தையும் பில்லில் குறிப்பிடுவோம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்