கெணத்துத் தண்ணி புராஜெக்ட்டுக்கு கை கொடுத்த எல்லாருக்கும்

வணக்கம். எங்க ஆறு பேர் குரூப் புராஜெக்ட் போன வாரம் சப்மிட் ஆயிடுச்சு, வைவாவும் முடிஞ்சுது. கடலூர் கடலோரத்துல வீட்டுக் கெணறு, ஹேண்ட் பம்ப் தண்ணியில உப்பு எவ்ளோ ஏறியிருக்குன்னு அளந்து மேப் போடறதுதான் புராஜெக்ட். நன்றி சொல்லணும்னு உக்காந்தேன், ஆனா சும்மா "அனைவருக்கும் நன்றி"ன்னு போட்டா யாரு என்ன செஞ்சாங்கன்னே தெரியாம போயிடும், அதான் நடந்தத முழுசா எழுதறேன். பேரு போட வேணாம்னு குரூப்ல சொல்லிட்டாங்க, அதனால யாரு பேரும் போடல, படிக்கிறப்போ அவங்கவங்களுக்கு தெரியும்.

முதல்ல தாழங்குடா ஆயாவுக்கு. பெண்ணையாறு கடல்ல சேர்ற பக்கம் அவங்க வீடு. நாங்க பாட்டிலும் மீட்டருமா போய் நின்னப்போ யாரு என்னன்னு கூட கேக்கல, "கெணறுதான, எறைச்சுக்கோங்க"ன்னாங்க. அவங்கதான் சொன்னாங்க, ஐப்பசி கார்த்திகை மழ புடிச்சா இந்த தண்ணியிலயே சோறு ஆக்கலாம், சித்திரையில வாய் கொப்பளிக்க கூட முடியாது கரிக்கும்னு. அத அப்படியே நோட்ல எழுதிக்கிட்டோம். எங்க மேப் ஒரே ஒரு சீசனுக்குத்தான் பேசும், வருஷம் பூரா இப்படித்தான்னு சொல்ல முடியாதுன்னு ரிப்போர்ட்ல ஒரு பத்தி இருக்கே, அது ஆயா குடுத்த பத்தி.

வேலைய எப்படி பிரிச்சோம்னா, கெடிலம் ஆத்துக்கு வடக்க தாழங்குடாவுல இருந்து தேவனாம்பட்டினம் வரைக்கும் ரெண்டு பேர், தெக்க ஓல்டு டவுன் சிங்காரத்தோப்பு பக்கம் ரெண்டு பேர், லேப்ல, உப்புல இருக்கிற குளோரைடு எவ்ளோன்னு அளக்கற டைட்ரேஷனுக்கு ஒருத்தி, மேப்புக்கு ஒருத்தன். நான் வடக்கு டீம். பாக்க அழகாத்தான் இருந்துச்சு இந்த பிரிவு, அவங்கவங்க வேலைய அவங்கவங்க ஒழுங்காதான் செஞ்சோம். ஒருத்தர் வேல இன்னொருத்தர் கைக்கு போற இடத்துலதான் எல்லாம் சிக்கிக்கிச்சு.

காலேஜ்ல ஒரே ஒரு கண்டக்டிவிட்டி மீட்டர் இருந்துச்சு, அது எங்ககிட்ட வந்துடுச்சு. தண்ணியில கரண்ட் எவ்ளோ ஓடுதுன்னு அளக்கும், உப்பு கூட இருந்தா நம்பர் கூட வரும், ஸ்க்ரீன்ல `µS/cm`னு காட்டும். தெக்கு டீம்ல ஒருத்தன் அவங்க மாமா கடையில இருந்து டிடிஎஸ் பேனா வாங்கிட்டு வந்தான், ஆர்ஓ மெஷின் மாட்ட வர்றவங்க வச்சிருப்பாங்களே அது. அதுவும் உள்ள அளக்கறது அதே கண்டக்டிவிட்டிதான், ஆனா அத ஒரு எண்ணால பெருக்கி `ppm`னு காட்டும். அந்த எண்ணு பேனாவுக்கு பேனா மாறும், சிலதுல 0.5, சிலதுல 0.7. எங்க பொது ஷீட்ல இருந்தது இவ்ளோதான், Nனா வடக்கு கெணறு, Sனா தெக்கு:

```
well,reading
N3,2400
S4,1250
```

நம்பர மட்டும் போட்டோம், எந்த மீட்டர், என்ன அலகுன்னு போட ஷீட்ல கட்டமே இல்ல. ரெண்டு லிஸ்ட்டும் ஒரே கட்டத்துக்குக் கீழ சேந்துச்சு, மேப் போட்டவன் அத வாங்கி கலர் போட்டான். ஆத்துக்கு தெக்க பூரா நல்ல தண்ணி, வடக்க பூரா உப்புன்னு வந்துச்சு. தெக்கதான் உப்பனாறு கழிமுகமே இருக்கு, அங்க கூடுதலா கரிக்கணும்னுதான நாங்க நெனச்சிருந்தோம், அதனால எல்லாருக்கும் ஆச்சரியம். உடனே காரணமும் தேட ஆரம்பிச்சுட்டோம், மணல் மேடு இருக்கு, மழத்தண்ணி அதுல எறங்கி உப்புத்தண்ணி மேல மெதக்குதுன்னு. கடலோரத்துல நெஜமாவே நடக்கிற விஷயம்தான் அது, அதனாலயே நம்பிட்டோம்.

அத நிறுத்துனது டைட்ரேஷன் பண்ணவ. அவளுக்கு என்னோட பெரிய நன்றி. எங்க குரூப்ல கம்மியா பேசறது அவதான். S4 கெணத்துல லிட்டருக்கு 510 மில்லிகிராம் குளோரைடு வருது, N3லயும் கிட்டத்தட்ட அதேதான், 480, அப்ப S4 எப்படி பாதி உப்புல இருக்கும்னு கேட்டா. கேட்டது ராத்திரி குரூப் சாட்ல, அதுவும் மேப் ரெடி ஆயி எல்லாரும் ஹார்ட் போட்டுட்டு இருந்தப்போ. பதில் நல்லா வரல. டைட்ரேஷன் கண்ணால பாக்கறதுதான, நீதான் கலர தப்பா பாத்திருப்பன்னு ஒரு மெசேஜ், அப்ப நாங்க வெயில்ல அலஞ்சது வீணான்னு இன்னொண்ணு, விடிய முன்ன ரெண்டு பேர் குரூப்ல இருந்து லெஃப்ட் ஆயிட்டாங்க.

மறுநாள் லேப் அண்ணா இல்லன்னா இந்த புராஜெக்ட் அங்கயே உடஞ்சிருக்கும். அவரு யாரு பக்கமும் பேசல, ஒரு பேப்பர எடுத்து கணக்கு போட்டு காட்டுனாரு. கண்டக்டிவிட்டிய 100ஆல வகுத்தா தண்ணியில இருக்கிற பாசிட்டிவ் அயனிகளோட மொத்தம் தோராயமா வரும், மில்லி ஈக்விவலன்ட்ல, அதாவது மின்னூட்டத்த எண்ற அலகுல. நெகட்டிவ் மொத்தமும் அதே அளவுதான் இருந்தாகணும். S4க்கு 1250ன்னா 12.5. இப்ப குளோரைடு 510ஐ அதோட அணு எடை 35.45ஆல வகுத்தா அதே அலகுல 14.4. குளோரைடு ஒண்ணு மட்டுமே மொத்தத்த தாண்டுது, பைகார்பனேட்டு, சல்பேட்டு எல்லாம் இன்னும் சேக்கவே இல்ல. அப்படி ஒரு தண்ணி இருக்கவே முடியாது. N3க்கு பாத்தா 24ல 13.5, அது சரியா நிக்குது. அப்ப S4ல ரெண்டுல ஒரு நம்பர் தப்பு.

எது தப்புங்கிறதுக்கும் அவரே வழி சொன்னாரு. நாங்க 20 மில்லி தண்ணி எடுத்து, பொட்டாசியம் குரோமேட் விட்டு, 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட்ட சொட்டு சொட்டா விடறோம். மொதல்ல மஞ்சள்ல வெள்ளையா கலங்கும், குளோரைடு தீந்ததும் செங்கல் கலர் லேசா தட்டும், அங்க நிறுத்தணும். கண்ணு ஏமாந்து அரை மில்லி கூட போயிருந்தாலும் லிட்டருக்கு 12, 13 மில்லிகிராம்தான் மாறும். 510 ஆகணும்னா 20 மில்லிக்கு மேல ஊத்தியிருக்கணும், அதுல பாதி, பத்து மில்லிய, யாரும் கலர் தெரியாம ஊத்த மாட்டாங்க. அவளோ டைட்ரேஷன் முடிஞ்ச பிளாஸ்க் ஒண்ண பக்கத்துல வச்சுக்கிட்டு அந்த கலர பாத்துதான் ஒவ்வொண்ணையும் நிறுத்துவா, காச்சி வடிச்ச தண்ணியிலயும் அதே டைட்ரேஷன பண்ணி, அந்த ப்ளாங்க் அளவ கழிச்சும் இருந்தா. இத எல்லாம் நாங்க யாரும் அதுவரைக்கும் அவகிட்ட கேட்டதே இல்ல.

அப்புறம் தெக்கு டீம் பையன், லெஃப்ட் ஆனவன்தான், பேனாவ எடுத்துக்கிட்டு தானா லேப்புக்கு வந்தான். இத நான் எப்பவும் மறக்க மாட்டேன், கோவத்துல இருக்கிறப்போ தன் பொருள டெஸ்ட் பண்ண தானே எடுத்துட்டு வர்றதுக்கு பெரிய மனசு வேணும். 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் 25 டிகிரியில 1413 காட்டணும், அதுக்கு ஒரு லிட்டருக்கு 0.7455 கிராம் உப்பு. அண்ணா கலந்து குடுத்தாரு. ரெண்டு மீட்டரையும் ஒரே பீக்கர்ல விட்டோம். எங்களுது 1413, பேனா 706. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம், அவ்ளோ நேரம் போட்ட சண்ட ஒரு பீக்கர்ல முடிஞ்சிடுச்சு. மீட்டரும் தப்பில்ல, டைட்ரேஷனும் தப்பில்ல. பேனா 0.5ஆல பெருக்கி காட்டுது, S4 நெஜத்துல 2500. அப்ப மொத்தம் 25, அதுல குளோரைடு 14.4, கணக்கு உக்காந்துடுச்சு.

சரி ரெண்டால பெருக்கிட்டு போயிடலாம்னு ஒருத்தர் சொன்னாங்க. மேடம் ஒத்துக்கல, அதுக்கு அவங்களுக்கு நன்றி. ஒரு கரைசல்ல பாதின்னா எல்லா தண்ணியிலயும் பாதியான்னு மட்டும் கேட்டுட்டு போயிட்டாங்க, பதில் சொல்லல. குளோரைடும் கண்டக்டிவிட்டியும் நல்லா மூடுன பாட்டில்ல கொஞ்ச நாள் இருந்தா பெருசா மாறாதுங்கிறதால ஃப்ரிட்ஜ்ல இருந்த தெக்கு பாட்டில் எல்லாத்தையும் எடுத்து, ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் எங்க மீட்டர்ல மறுபடி அளந்தோம். பாட்டில் இல்லாத கெணறுகளுக்கு திரும்பி போனோம், இந்த தடவ வடக்குல ஒருத்தர் தெக்குல ஒருத்தர்னு கலந்து. சிங்காரத்தோப்புல ஒரு ஹேண்ட் பம்ப்ல பைப்புல தேங்குன பழைய தண்ணி போற வரைக்கும் அடிச்சுட்டுதான் புடிக்கணும், அங்க வலை பின்னிக்கிட்டு இருந்த அண்ணன் ஒருத்தரு எழுந்து வந்து எங்களுக்காக அடிச்சு விட்டாரு, அவருக்கு இத யாராவது படிச்சு காட்டுங்க.

ஷீட்டும் மாறிடுச்சு:

```
well,meter,value,unit,temp_C,read_by,written_by
S4,EC-1,2500,uS/cm,29,A,D
```

கடைசி ரெண்டு கட்டம் மேப் போட்டவனோட ஐடியா. ஒருத்தர் ஸ்க்ரீன பாத்து நம்பரையும் அலகையும் சத்தமா சொல்லணும், எழுதறவர் எழுதிட்டு திருப்பி படிக்கணும், அப்புறம்தான் மீட்டர வெளிய எடுக்கணும். ரெண்டு பேரும் வேற வேற டீமா இருந்தா நல்லதுன்னு அவன் சொன்னான், அப்படியே பண்ணோம். இன்னொண்ணு நாங்களா முடிவு பண்ணது, குளோரைடு கணக்கும் 100ஆல வகுக்கற கணக்கும் ஒத்துப்போகாத கெணறு மேப்புக்கு போகவே கூடாது. முன்னாடி டைட்ரேஷன் பண்ணவளோட ரிசல்ட் கடைசியில ஒரு டேபிளா ஒட்டறதுக்குத்தான் இருந்துச்சு, இப்ப அவ டிக் போட்டாத்தான் நம்பர் நகரும். எனக்கு இந்த புராஜெக்ட்ல கெடச்ச பெரிய விஷயம் இதுதான், சரி பாக்கறவங்கள வரிசையில கடைசியில உக்கார வச்சா அவங்க பேசற நேரத்துக்கு மத்தவங்க மனசு ஒரு கதையில செட் ஆயிடும்.

புது மேப்ல ஆத்துக்கு ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசமே இல்ல. கரையில இருந்து எவ்ளோ தூரம், எவ்ளோ ஆழத்துல இருந்து எடுக்கறாங்க, அதுலதான் மாறுது. மொத மேப் அளவுக்கு பாக்க கவர்ச்சியா இல்ல, ஆனா ஒவ்வொரு புள்ளிக்கும் எங்களால பதில் சொல்ல முடிஞ்சுது, வைவாவுல ஆறு பேர்ல யார கேட்டாலும்.

கெணறு காட்டுன எல்லார் வீட்டுக்கும் ஒரு சீட்டு கொண்டு வரோம். உங்க தண்ணியில குளோரைடு எவ்ளோ, குடிக்கிற தண்ணிக்கான இந்தியத் தரம் IS 10500ல சொல்ற அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம், வேற தண்ணி இல்லாத பட்சத்துல 1000 வரைக்கும்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு தமிழ்ல. ஆயா கண்ணு தெரியல, பெருசா எழுதுன்னு சொன்னாங்க, பெரிய எழுத்துலதான் பிரிண்ட் குடுத்திருக்கோம். வர்ற ஞாயித்துக்கெழம தாழங்குடாவுல இருந்து ஆரம்பிக்கிறோம், லெஃப்ட் ஆன ரெண்டு பேரும் சேத்து ஆறு பேருமே வரோம்.