பத்தாவது முடித்த பிள்ளைக்கு ஒரு புத்தகம்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

பதிப்பாளர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் கடைகளில் 'அடுத்து என்ன படிக்கலாம்' வகைப் புத்தகங்கள் வந்துவிடும். எந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்பு, எந்த நுழைவுத் தேர்வு, எந்தக் கல்லூரி என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். அந்த வேலையில் இருப்பவர் காலையில் போய் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்பது மட்டும் இருக்காது. பதினைந்து வயதுப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டியதோ அதைத்தான்.

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். என் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன். காமர்ஸ் குரூப் பற்றிய பக்கத்தில் 'சி.ஏ. படித்தால் கைநிறையச் சம்பளம்' என்று ஒரு வரி போட்டிருப்பீர்கள். அந்த வரிக்குப் பின்னால் ஆர்ட்டிகிள்ஷிப் என்று ஒரு காலம் இருக்கிறது. ஓர் ஆடிட்டரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்து, கொஞ்சமே கிடைக்கும் உதவித்தொகைக்கு முழுநேரம் வேலை பார்க்கும் காலம் அது. முதல் மாதங்களில் பெரும்பாலும் வவுச்சிங்தான். டேலி என்னும் கணக்கு மென்பொருளில் இருக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் பில்லைத் தேடி எடுத்து, தேதி, தொகை, பெயர், ஜி.எஸ்.டி. எண் சரியா என்று பார்த்து டிக் அடிக்க வேண்டும். முதலாளி வீட்டுக்கு வாங்கிய ஃப்ரிட்ஜ் அலுவலகச் செலவில் ஏறியிருக்கும். அதைப் பற்றித் தன் அப்பா வயதுள்ள கணக்கரிடம், அவர் முகம் சுளிக்காதபடி கேட்கத் தெரிய வேண்டும். கணக்கில் நூறு வாங்கும் பிள்ளைக்கு இது வரும் என்று சொல்ல முடியாது. சுமாராகப் படிக்கும் சிலருக்கு இது பிரமாதமாக வரும்.

மார்ச் 31 சரக்கிருப்பு எடுக்கும் நாள். குடோனில் மூட்டைகளை அட்டி போட்டிருப்பார்கள். நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்று பெருக்கி எழுதிக்கொண்டு வந்துவிட்டால் ஏமாந்துவிடலாம், ஏனென்றால் நடுவில் மூட்டையே இல்லாமல் சுற்றிலும் மட்டும் அடுக்கிவைக்கிற வித்தை இந்தத் தொழிலில் பழையது. அதனால் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். ஏ.சி. அறை உத்தியோகம் என்று நினைத்து வந்த பையன் சட்டையெல்லாம் தூசியோடு இறங்குவான். சிலருக்கு அன்றுதான் இந்த வேலை பிடித்துப்போகும்.

அப்புறம், வருடத்தின் தாளம். வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமாகக் கெடு செப்டம்பர் 30. அந்த மாதத்தில் லீவு கேட்க வாய் வராது. தேர்வு இன்னொரு பக்கம். குரூப் என்று சொல்லும் தாள் தொகுதியில் ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். 39 வந்தால் அந்தத் தாளோடு முடியாது. அந்த குரூப்பில் 60 எடுத்த தாள்களை விட்டு மற்றதையெல்லாம் திரும்ப எழுத வேண்டும். வருடக்கணக்கில் இப்படி எழுதிக்கொண்டிருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் புத்தகங்களில்தான் இல்லை.

இப்படி எழுத முடியுமா என்று கேட்காதீர்கள், ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். அதுல் கவாண்டே அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருந்தபோது நோயாளியின் ரத்தக்குழாயில் குழாய் செருகத் திரும்பத் திரும்பத் தடுமாறியதை 2002-ல் வந்த நூலில் ஒளிக்காமல் சொன்னார். ஆடம் கே லண்டனில் மகப்பேறு மருத்துவராக இருந்து, ஒரு பிரசவம் விபரீதமாக முடிந்தபின் தொழிலையே விட்டவர். அவருடைய நாட்குறிப்பு 2017-ல் புத்தகமாகி அமோகமாக விற்றது. இங்கிலாந்தில் ஒரு வக்கீல் பெயர் போடாமலே நீதிமன்ற உண்மைகளை எழுதுகிறார்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். தொழிலுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பேரைப் பேசவிடுங்கள்: புதிதாகச் சேர்ந்தவர், இருபது வருடம் இருப்பவர், விட்டுவிட்டுப் போனவர். மூன்றாமவரை விட்டுவிடாதீர்கள், அவரிடம்தான் விளம்பரம் இருக்காது. வேண்டுமானால் பெயரை மாற்றிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் யாரும் சம்பளத்தைச் சொல்ல மாட்டார்கள். வெற்றி பெற்ற பிரபலம் வேண்டாம். அவருக்கு முதல் வருடம் மறந்துபோயிருக்கும்.

விதிமுறைகளைக் கடைசியில் தனித்தாளாக வையுங்கள். 2023-ல் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்ததும் பழைய வழிகாட்டிகளில் இருந்தது தப்பாகிவிட்டது. வவுச்சிங் அப்படியேதான் இருக்கிறது. எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் பத்தாவது படிக்கும் நாலு பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 'இந்த வேலை எனக்கு வேண்டாம்' என்று ஒருவராவது சொன்னால் புத்தகம் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆடிட்டர் தொழில் பற்றிய புத்தகத்துக்கு ஆள் தேடினால் எங்கள் அலுவலகத்துக்கே வாருங்கள், மூன்று பேரையும் நானே பிடித்துத் தருகிறேன். செப்டம்பரில் மட்டும் வேண்டாம், நவம்பரில் வாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆடிட் அலுவலக ஊழியர்