ரத்தக்கசிவு வீடியோ ஏன் வயதைக் கேட்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் முதலுதவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு கியூஆர் கோடு இருப்பது உங்களுக்குத் தெரியும். அதை ஸ்கேன் செய்தால், ரத்தம் அதிகமாகக் கசியும் காயத்தை எப்படி அழுத்திப் பிடித்துக் கட்டுப் போடுவது என்று காட்டும் எங்கள் யூடியூப் வீடியோ ஓடும். இப்போது பலருக்கு அது ஓடவில்லை. பதிலாக, "Sign in to confirm your age" என்ற வரி வருகிறது.

இதை வைத்து வாட்ஸப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர்கள் பெட்டிக்குள் "ஆபாச வீடியோ" வைத்திருக்கிறார்கள் என்றும், லாகின் செய்யச் சொல்லி நம் பிறந்த தேதியையும் அடையாள அட்டையையும் சேகரிக்கிறார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. முதலில் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வீடியோவைப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். இரண்டாவது குற்றச்சாட்டு எங்களை மிகவும் வருத்திவிட்டது. எங்களை நம்பி வீட்டில் பெட்டி வாங்கி வைத்தவர்களிடம் திருட்டுத்தனமாக விவரம் பிடுங்குகிறோம் என்பது சாதாரணப் பழி அல்ல. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த லாகின் எங்களுக்குச் செய்யும் லாகின் அல்ல, உங்கள் கூகுள் கணக்குக்குள் நீங்கள் நுழைவது. அந்தக் கணக்கில் ஏற்கெனவே உள்ள வயதை வைத்து, நீங்கள் 18 வயது நிரம்பியவரா என்று யூடியூப் முடிவுசெய்கிறது. வயது உறுதியாகத் தெரியாதபோது, ஐரோப்பிய நாடுகள் போன்ற சில இடங்களில் அடையாள அட்டையோ கிரெடிட் கார்டோ காட்டச் சொல்லும். அந்தச் சோதனை முழுவதும் அவர்களுக்கும் உங்களுக்கும் இடையில் நடப்பது. உங்கள் பெயரோ பிறந்த தேதியோ அட்டையோ எங்கள் கைக்கு வராது, கேட்டு வாங்கவும் எங்களுக்கு வழி கிடையாது. சேனல் வைத்திருப்பவருக்குத் தெரிவதெல்லாம், பார்த்தவர்களில் இந்த வயதுப் பிரிவினர் இத்தனை சதவீதம் என்ற மொத்தக் கணக்குதான். யார் பார்த்தார் என்பது அதில் இருக்காது.

இனி, எங்கள் வீடியோவுக்கு யூடியூப் இந்த வயதுக் கட்டுப்பாட்டை ஏன் போட்டது என்பதற்கு வருகிறேன். வயதுக் கட்டுப்பாடு என்றதும் எல்லோருக்கும் பாலியல் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. அது ஒரு காரணம் மட்டுமே. சிறுவர்கள் பார்த்து அப்படியே செய்துவிடக்கூடிய ஆபத்தான செயல்கள், போதைப்பொருள், மிகையான கெட்ட வார்த்தைகள், கோரமான காட்சிகள் ஆகியவற்றுக்கும் இதே கட்டுப்பாடு வரும். எங்கள் வீடியோ மாட்டியது கடைசிக் காரணத்தில்.

அந்த வீடியோ தொடங்கியதுமே, முன்னுரை ஏதும் இல்லாமல், திறந்த காயம் ஒன்று திரை நிறையத் தெரியும். கட்டுத் துணி வரும்வரை கேமரா அங்கேயே நிற்கும். உண்மையான காயத்தைக் கண்டு பதறாமல் கை நீட்டப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி எடுத்தோம். முகப்புப் படமாகவும் அதே காயத்தைத்தான் வைத்திருந்தோம். விதியோ வீடியோவை மட்டும் பார்ப்பதில்லை, முகப்புப் படமும் விளக்கக் குறிப்பும் அதற்குள் அடங்கும். ரத்தம் ஒரு நொடி தெரிந்து மறைவதையும், அதன்மேலேயே பார்வை நிலைகுத்தி நிற்பதையும் ஒன்றாக எடைபோட மாட்டார்கள். முதலில் கணினியே தானாக அடையாளம் காண்பதும் உண்டு, மனிதர்கள் பார்த்து முடிவெடுப்பதும் உண்டு.

"கல்விக்காகத்தானே எடுத்தீர்கள், விலக்கு கிடையாதா?" என்று பலர் கேட்டீர்கள். கல்வி நோக்கம் கணக்கில் எடுக்கப்படுகிறது. அந்த நோக்கம் வீடியோவிலேயே தெரிந்தால், நீக்கப்பட வேண்டிய காட்சிகூடத் தளத்தில் தங்கலாம். ஆனால் தங்குவதும் எல்லோரும் பார்ப்பதும் வேறு வேறு. அதனால் எங்கள் வீடியோ இன்னும் தளத்தில் இருக்கிறது, சேனலுக்கு எந்தத் தண்டனைப் புள்ளியும் விழவில்லை. பார்ப்பவர் வட்டம் மட்டும் சுருங்கிவிட்டது.

அந்தச் சுருக்கம்தான் உங்களை வெவ்வேறு விதமாகப் பாதித்திருக்கிறது. போனில் ஏற்கெனவே லாகின் செய்திருக்கும் பெரியவர்களுக்கு வீடியோ வழக்கம்போல ஓடும், அதிகம் போனால் ஓர் எச்சரிக்கையை ஏற்க வேண்டியிருக்கும். அதனால்தான் ஒரே வீட்டில் அம்மாவுக்கு ஓடியது, மகளுக்கு ஓடவில்லை. 18 வயது நிரம்பாதவரின் கணக்கில் அது திறக்காது. லாகின் செய்யாதவர் எண்பது வயதுக்காரராக இருந்தாலும் திறக்காது. பள்ளிகளில் முதலுதவி வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் பொதுக் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு "லிங்க் கெட்டுவிட்டது" என்று சொன்னது இதனால்தான். எங்கள் இணையதளப் பக்கத்தில் பதித்து வைத்த வீடியோவும் அங்கேயே ஓடாமல் யூடியூபுக்குப் போகச் சொல்கிறது.

சிலர் அன்போடு யோசனை சொன்னீர்கள்: "குழந்தைகளுக்கானது" என்று குறித்துவிட்டால் தடை போய்விடுமே என்று. அது வேறு அமைப்பு. அதைத் தொடுவதால் யூடியூப் போட்ட வயதுக் கட்டுப்பாடு நீங்காது. சேனல்காரரே விரும்பி வயதுக் கட்டுப்பாடு வைத்திருந்தால் அவரே எடுத்துவிடலாம். யூடியூப் வைத்ததை எடுக்க மேல்முறையீடு ஒன்றே வழி. யூடியூப் ஸ்டுடியோவில் வீடியோ பட்டியலில் "Restrictions" என்ற பத்தியில் கட்டுப்பாடு காட்டும், அங்கிருந்தே மேல்முறையீடு செய்யலாம். ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு முறைதான். நாங்கள் செய்தோம், கட்டுப்பாடு நீடிக்கும் என்று பதில் வந்தது. அவர்கள் விதிப்படி பார்த்தால் அந்த நெருக்கக் காட்சிக்கு அது பொருந்தும்தான்.

ஆகவே புதிதாக எடுத்திருக்கிறோம். இதில் கேமரா பக்கவாட்டில் நிற்கிறது. அழுத்தும் கை, மடித்த துணி, கட்டின் சுற்று ஆகியவை தெளிவாகத் தெரியும், காயம் கைக்குக் கீழேயே மறைந்திருக்கும். முகப்புப் படத்தில் கட்டுப் போட்ட முன்கை மட்டும் இருக்கிறது. வெளியிட்ட பின் லாகின் இல்லாத தனி விண்டோவில் திறந்து பார்த்தோம், நேராக ஓடியது. உங்களுக்கும் சந்தேகம் வந்தால் எந்த வீடியோவையும் இப்படிச் சோதிக்கலாம். பழைய வீடியோவை எடுக்கவில்லை. உண்மைக் காயத்தைப் பார்த்துப் பழக விரும்பும் பெரியவர்கள் லாகின் செய்து அதையும் பார்க்கலாம்.

புதிய வீடியோவுக்கு முகவரியும் புதிது என்பதால், முன்பு வாங்கிய பெட்டிகளில் உள்ள கியூஆர் கோடு பழையதற்கே போகும். மாற்று ஸ்டிக்கர் வேண்டுவோர் எழுதினால் அனுப்புகிறோம்.

வதந்தி வந்தபோது அதைப் பரப்பாமல் நேராக எங்களையே கேட்டவர்களுக்கும், குழுக்களில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கும், திரையைப் படம் பிடித்து அனுப்பி எந்தக் கணக்கில் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்று எங்களுக்குப் புரியவைத்த ஆசிரியர்களுக்கும் மனமார்ந்த நன்றி. புதிய வீடியோவிலும் எங்காவது அந்த வரி வந்தால், லாகின் செய்திருந்தீர்களா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், உடனே பார்க்கிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்